மருத்துவச் செலவைத் திரும்பக் கேட்கும் கடிதம்

ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர் தம் கையிலிருந்து செலவழித்த சிகிச்சைப் பணத்தை அரசிடம் திரும்பக் கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் கடிதம் ஒரு பக்கம்தான் இருக்கும். அதற்குப் பின்னால் நாற்பது, ஐம்பது தாள்கள் இருக்கும். பணம் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் அந்தத் தாள்களைப் பொறுத்ததே. இருந்தாலும் எந்தத் தாள் எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் வேலை அந்த ஒரு பக்கக் கடிதத்துடையது. அதைச் சரியாகச் செய்யாத கடிதம் எத்தனை பணிவாக எழுதப்பட்டிருந்தாலும் மேசையில் தங்கிவிடும்.

மத்திய அரசு ஓய்வூதியர்களில் பலருக்கு மருத்துவ வசதி தருவது மத்திய அரசு சுகாதாரத் திட்டம். எல்லோரும் அதை சி.ஜி.எச்.எஸ். என்றே சொல்வார்கள். இந்தத் திட்டத்தின் அட்டை வைத்திருக்கும் ஓய்வூதியருக்கு வழக்கமாக இந்தக் கடிதமே தேவைப்படாது. திட்டத்தின் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கு முறைப்படி சென்றால், அவரிடம் பணம் வாங்காமல் சிகிச்சை தரவேண்டும். மருத்துவமனை தன் பில்லை அரசுக்கு அனுப்பிப் பெற்றுக்கொள்ளும். அப்படி நடக்காத இடத்தில்தான் கடிதம் பிறக்கிறது. நெருக்கடியில் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர நேர்வது அதற்கு முதன்மையான காரணம். இங்கே விளக்கத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பதும் அதுவே.

அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற 68 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வீடு சென்னையில், அட்டை பதிவாகியிருப்பது சென்னையின் ஒரு நல்வாழ்வு மையத்தில். பழக்கத்தில் பலரும் இன்னும் டிஸ்பென்சரி என்று சொல்வது இந்த மையத்தைத்தான். உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகக் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துக்குப் போன இடத்தில், நள்ளிரவில் அவருக்கு நெஞ்சுவலி வருகிறது. அருகிலிருக்கும் தனியார் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மாரடைப்பு என்று உறுதிசெய்து, அன்றே ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் பொருத்துகிறார்கள். நவம்பர் 9ஆம் தேதி சேர்ந்தவர் 13ஆம் தேதி வீடு திரும்புகிறார். பில் 2,38,400 ரூபாய். அந்த மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் இல்லை. மகன் பணம் கட்டிவிட்டார். இப்போது கடிதம் எழுத வேண்டும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது காலக்கெடு. சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கோரிக்கை போய்ச் சேரவேண்டும். பிந்தினால் உரிமை அடியோடு போய்விடாது. தாமதத்துக்குக் காரணம் எழுதி, அதை ஏற்கும்படி தனியாகக் கேட்கவேண்டும். மாரடைப்பு வந்தவர் மூன்று மாதம் வெளியே நடமாடாமல் இருந்தார் என்பதற்கு மருத்துவரின் ஓய்வுச் சான்று இருந்தால் அந்தக் காரணம் நிற்கும். வெறுமனே 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று எழுதினால் நிற்காது.

அடுத்தது, யாருக்கு எழுதுவது என்பது. சிகிச்சை கும்பகோணத்தில் நடந்திருந்தாலும் கடிதம் போகவேண்டியது அட்டை பதிவான சென்னை மையத்தின் பொறுப்பு மருத்துவ அலுவலருக்கு. வேலை பார்த்த பழைய அலுவலகத்துக்கு அனுப்புவது பலர் செய்யும் தவறு. பணியில் இருப்பவரின் மருத்துவச் செலவை அவருடைய துறை தரும். ஓய்வுபெற்ற அட்டைதாரருக்கு சி.ஜி.எச்.எஸ். அமைப்பே தரும். பழைய அலுவலகத்துக்குப் போன உறை அங்கிருந்து திரும்பி வருவதற்குள் காலக்கெடுவில் ஒரு பகுதி கரைந்திருக்கும்.

இனி இணைப்புகள். ஆய்வு செய்யும் எழுத்தரும் மருத்துவரும் ஒவ்வொரு கோப்பிலும் ஒரே ஐந்து கேள்விகளையே கேட்கிறார்கள்: நோயாளி உரிமையுள்ளவரா, என்ன நோய், ஏன் அந்த மருத்துவமனை, எதற்கு எவ்வளவு, பணம் உண்மையில் கட்டப்பட்டதா. ஒவ்வொரு தாளும் இவற்றில் ஏதாவது ஒன்றுக்குப் பதிலாக இருக்கவேண்டும்.

உரிமைக்கு அட்டையின் நகல் போதும். நோயாளி மனைவியாக இருந்தால் அவருடைய அட்டை நகலும் வேண்டும். எந்த வகை அறைக்கு உரிமை என்பதும் அட்டையிலேயே இருக்கிறது. பின்னால் வரும் கணக்கு அதைப் பொறுத்தது.

என்ன நோய் என்பதற்கு டிஸ்சார்ஜ் சம்மரி. சேர்ந்த தேதி, நேரம், வந்தபோது இருந்த நிலை, செய்த சிகிச்சை எல்லாம் அதில் இருக்கும். இதில் பார்க்கவேண்டிய நுட்பம் பெயர். அட்டையில் முதலெழுத்து முன்னால், மருத்துவமனைத் தாளில் தந்தை பெயர் விரிவாகப் பின்னால், ரசீதில் வேறு எழுத்துக்கூட்டல் என்று மூன்று விதமாக இருந்தால், மூவரும் ஒருவரே என்று யாராவது சான்று தரவேண்டிவரும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே கவனித்துத் திருத்தி வாங்கினால் ஐந்து நிமிட வேலை. பின்னால் கும்பகோணத்துக்கு ஒரு பயணம்.

மூன்றாவது கேள்விக்கான பதில்தான் இந்த வகைக் கோப்பின் உயிர். பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்கு ஏன் போனார்? இதற்கு அந்த மருத்துவமனை தரும் அவசர சிகிச்சைச் சான்றிதழ் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் மாரடைப்பு என்று இருக்கிறதே, போதாதா என்று தோன்றும். போதாது. மாரடைப்பு வந்து ஒரு வாரம் கழித்து, நிலைமை சீராக இருக்கும்போது விருப்பப்பட்ட மருத்துவமனைக்குப் போவோரும் உண்டு. ஆகவே, இன்ன நாள் இன்ன நேரத்தில் உயிருக்கு ஆபத்தான நிலையில் கொண்டுவரப்பட்டார், உடனே சிகிச்சை தேவைப்பட்டது, வேறு இடத்துக்கு அனுப்பும் நிலையில் இல்லை என்ற மூன்று செய்திகளும் மருத்துவரின் கையொப்பம், பதிவெண், முத்திரையுடன் அதில் இருக்கவேண்டும். 'நோயாளி எங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார்' என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

எதற்கு எவ்வளவு என்பதற்கு இறுதி பில்லும் அதன் விரிவும் வேண்டும். 'பரிசோதனைகள் 9,600 ரூபாய்' என்று ஒரே வரியில் இருந்தால் ஆய்வாளர் அதை வைத்து எதுவும் செய்யமுடியாது. இரத்தச் சர்க்கரை எத்தனை முறை, ஒருமுறைக்கு எவ்வளவு, ஈ.சி.ஜி. எத்தனை, எக்கோ எத்தனை என்று பிரித்துக் காட்டவேண்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் அரசுக்கென்று ஒரு கட்டணம் இருக்கிறது. எண்ணிக்கை தெரிந்தால்தான் பெருக்க முடியும். ஸ்டென்டுக்கு இன்னும் ஒரு படி கூடுதல். அதை வாங்கிய விலைப்பட்டியலும், வரிசை எண் அச்சிட்ட உறை அல்லது ஒட்டுச்சீட்டும் வேண்டும். பில்லில் எழுதியிருக்கும் ஸ்டென்டே உடம்புக்குள் போனது என்பதற்கு அந்தச் சிறு சீட்டுதான் சாட்சி. நோயாளியின் கோப்பில் ஒட்டியிருக்கும் அதை, வீடு திரும்பும்முன் கேட்டு வாங்கவேண்டும்.

பணம் கட்டியதற்கு அசல் ரசீதுகள். முன்பணமாகக் கட்டியது, இடையில் கட்டியது, கடைசியாகக் கட்டியது எல்லாவற்றின் கூட்டுத்தொகை இறுதி பில்லோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போகவேண்டும். பணம் எந்தக் கணக்கில் வரவேண்டும் என்பதற்கு ரத்து செய்த காசோலை ஒன்று. இவற்றோடு ஓய்வூதியருக்கான கோரிக்கைப் படிவத்தையும் நிரப்பி வைக்கவேண்டும். படிவம் தனி, கடிதம் தனி. படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்காத நடப்பைச் சொல்லவே கடிதம்.

அந்தக் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"பெறுநர்: பொறுப்பு மருத்துவ அலுவலர், மத்திய அரசு சுகாதாரத் திட்ட நல்வாழ்வு மையம், சென்னை.

பொருள்: அவசர நிலையில் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் பெற்ற இதய சிகிச்சை – செலவுத் தொகை ரூ.2,38,400 திரும்பக் கோருதல் – தொடர்பாக.

ஐயா, நான் அஞ்சல் துறையிலிருந்து ஓய்வுபெற்றவன். மேற்கண்ட மையத்தில் பதிவுபெற்ற அட்டைதாரர். கும்பகோணம் அருகே உறவினர் இல்லத்துக்குச் சென்றிருந்தபோது 09.11.2025 அன்று அதிகாலை 1 மணியளவில் கடும் நெஞ்சுவலி ஏற்பட்டது. அருகிலிருந்த தனியார் மருத்துவமனையில் 1.40 மணிக்குச் சேர்க்கப்பட்டேன். மாரடைப்பு எனக் கண்டறிந்து அன்றே ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் பொருத்தினர். 13.11.2025 அன்று வீடு திரும்பினேன். வேறு மருத்துவமனைக்கு மாற்றும் நிலையில் நான் இல்லை என்பதற்கு மருத்துவரின் சான்று இணைப்பு 3இல் உள்ளது. இச்செலவுக்காக வேறு எந்தக் காப்பீட்டிலிருந்தும் தொகை பெறவில்லை. விதிகளின்படி எனக்குரிய தொகையை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கீழே இணைப்புகளின் பட்டியல், எண்ணும் பக்கமும் போட்டு வரும். சேவைக்கால வரலாறோ குடும்பக் கஷ்டமோ அரசின் கடமையைப் பற்றிய உரையோ இதில் இல்லை. நேரம் மட்டும் இரண்டு இடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. வலி வந்த நேரத்துக்கும் சேர்ந்த நேரத்துக்கும் இடையில் நாற்பது நிமிடம் என்பதே அவசரத்தைச் சொல்லிவிடுகிறது, அதே 1.40 டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இருந்தால் கடிதமும் சான்றும் ஒன்றையொன்று தாங்கும். காப்பீட்டைப் பற்றிய வரியும் தேவையானதே. தனியார் காப்பீடு இருந்தால் முதலில் அங்கே பெற்றுக்கொண்டு மீதியை அரசிடம் கேட்கலாம். அசல் தாள்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் போயிருக்கும். அப்போது நகல்களோடு, எவ்வளவு கொடுத்தோம் என்று அந்த நிறுவனம் தரும் சான்றை இணைக்கவேண்டும். இரண்டும் சேர்ந்து செலவைத் தாண்டக் கூடாது என்பதே விதி.

கடிதத்தைத் தமிழிலும் எழுதலாம். குறைதீர்க்கக் கோரும் விண்ணப்பத்தை நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் அளிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு தருகிறது. கோப்பு பல கை மாறுவதால் நடைமுறையில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். எந்த மொழியானாலும் முழுக் கோப்பின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, ஒப்படைத்ததற்குத் தேதியிட்ட ஒப்புகை வாங்கவேண்டும். அசல்கள் கைவிட்டுப் போனபின் அந்த நகலும் ஒப்புகையுமே ஓய்வூதியரிடம் மிஞ்சுபவை.

மையத்தில் தாள்களைச் சரிபார்த்ததும் கோப்பு நகரத்தின் கூடுதல் இயக்குநர் அலுவலகத்துக்குப் போகும். கணக்கு போடப்படுவது அங்கே. பலர் மனம் புண்படுவதும் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான். செலவழித்த தொகை, அரசு நிர்ணயித்த கட்டணம் இரண்டில் எது குறைவோ அதுவே தரப்படும். இந்தக் கட்டணப் பட்டியல் 2025 அக்டோபர் 13 முதல் புதுப்பிக்கப்பட்டது. மருத்துவமனை இருக்கும் ஊரின் வகை, அதற்குத் தரச் சான்று உண்டா இல்லையா, நோயாளிக்கு உரிய அறை எது என்பவற்றைப் பொறுத்துக் கட்டணம் மாறும்.

அறுவை போன்ற பெரிய சிகிச்சைகளுக்குக் கட்டணம் ஒரே தொகுப்பாக இருக்கும். அறை வாடகை, மருத்துவர்களின் கட்டணம், மயக்க மருந்து, அரங்கு, மருந்துகள், வழக்கமான பரிசோதனைகள் எல்லாம் அந்தத் தொகுப்புக்குள் அடக்கம். தனியார் மருத்துவமனை ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாகப் போட்டிருந்தாலும் ஆய்வாளர் அவற்றைச் சேர்த்து ஒரே தொகையாகத்தான் பார்ப்பார். ஸ்டென்ட் மட்டும் தனி. அதற்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவிலை நிர்ணயித்தது. பின்னர் அவ்வப்போது அது திருத்தப்பட்டு வருகிறது. அந்த உச்சவிலைக்குள் இருந்தால் வாங்கிய விலை அப்படியே கிடைக்கும்.

நம் அஞ்சல்துறைக்காரரின் பில்லை இப்படிப் பிரிக்கலாம்: சிகிச்சை, அறை, மருத்துவர் கட்டணம் 1,62,000, ஸ்டென்ட் 38,000, மருந்துகள் 22,400, பரிசோதனைகள் 9,600, உணவு, துணைக்கிருந்தவரின் படுக்கை, பதிவுக் கட்டணம் முதலியவை 6,400. அவருக்குரிய தொகுப்புக் கட்டணம் 1,20,000 என்று வைத்துக்கொண்டால், முதல் வரியும் மருந்துகளும் அதற்குள் அடங்கிவிடும். ஸ்டென்டின் விலை உச்சவிலைக்குள் இருப்பதால் 38,000 முழுதாக வரும். பரிசோதனைகளில் தொகுப்புக்கு வெளியே நிற்பவை 4,200 என்று கொள்வோம். கடைசி வரி மொத்தமும் கழிந்துபோகும். கிடைப்பது 1,62,200. கையை விட்டுப் போவது 76,200. இந்த எண்கள் விளக்கத்துக்கானவைதான். ஆனால் வெட்டு விழும் இடங்கள் இவையே.

இந்த வெட்டு எழுத்தரின் கஞ்சத்தனம் அல்ல. அரசு தன் நிதிநிலையைப் பார்த்து மருத்துவச் செலவுக்கு வரம்பு வைக்கலாம் என்று பஞ்சாப் அரசுக்கும் ராம் லுபாயா பக்காவுக்கும் இடையிலான வழக்கில் 1998ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே 'முழுத் தொகையும் வேண்டும்' என்று மட்டும் எழுதும் மேல்முறையீடு எடுபடாது. விதியைத் தளர்த்தி முழுத் தொகையும் தரும் வழி ஒன்று இருக்கிறது; ஆனால் அது சில நிலைமைகளுக்கு மட்டுமே உரியது. உதாரணமாக, நினைவிழந்த நோயாளியைப் பிறர் கொண்டுபோய்ப் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்த்து, அவர் நீண்டநாள் அங்கே இருக்க நேர்ந்த நிலை. அப்படிக் கேட்பவர் தம் நிலைமை அந்த வகையில் எப்படி அடங்குகிறது என்பதைத் தனியாக எழுதிச் சான்று வைக்கவேண்டும்.

குறைத்துத் தருவது வேறு, அடியோடு மறுப்பது வேறு. பட்டியலில் மருத்துவமனையின் பெயர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுத்தால், 2018 ஏப்ரல் 13 அன்று சிவகாந்த் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு உதவிக்கு வரும். மனுதாரர் ஓய்வுபெற்ற வருவாய்த் துறை அதிகாரி. இதய நோய்க்கு டெல்லியிலும் பக்கவாதத்துக்கு மும்பையிலும் தனியார் மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர். அவருடைய இதயத்தில் பொருத்தப்பட்ட கருவி தேவையற்றது என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. நீதிமன்றம் வைத்த அளவுகோல் எளிமையானது: சிகிச்சை உண்மையில் நடந்ததா, அதை மருத்துவரும் மருத்துவமனையும் முறைப்படி சான்றளித்திருக்கிறார்களா? இரண்டும் உறுதியானால் பட்டியலைக் காட்டி மறுக்கக் கூடாது. மீதித் தொகை 4,99,555 ரூபாயை அவருக்குத் தரும்படி உத்தரவிட்டது. சான்றிதழ்களின் எடை எவ்வளவு என்பது இந்த அளவுகோலிலேயே தெரிகிறது. வழக்கு என்று வந்தாலும் கடைசியில் நீதிமன்றம் புரட்டிப் பார்ப்பது அன்று இணைத்த அதே தாள்களைத்தான்.

அந்தப் படிக்குப் போகும்முன் செய்யவேண்டியவை சில உண்டு. எந்த வரியில் எவ்வளவு, எந்தக் காரணத்தால் கழிக்கப்பட்டது என்ற விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். கோப்பு நகரவே இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போடலாம். முப்பது நாளில் பதில் தரவேண்டிய கடமை அலுவலகத்துக்கு உண்டு. கழிவு தவறு என்று தெரிந்தால் கூடுதல் இயக்குநருக்கும், பிறகு மேல்மட்டத்துக்கும் முறையீடு. அதன்பின் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். அதற்குச் சென்னையில் அமர்வு இருக்கிறது.

எல்லாக் கோப்பும் முழுமையாக இருப்பதில்லை. அசல் ரசீது தொலைந்துவிட்டால், தொலைந்ததை முத்திரைத்தாளில் உறுதிமொழியாக எழுதி, மருத்துவமனையிடம் சான்றளித்த நகல் வாங்கி வைக்கவேண்டும். அசல் பின்னால் கிடைத்தால் அதைக் காட்டி இன்னொருமுறை பணம் கேட்கமாட்டேன் என்பதும் அந்த உறுதிமொழியில் இருக்கும். சிகிச்சை பெற்றவரே இறந்துவிட்டால் உரிமை அவரோடு போய்விடாது. குடும்பத்தில் ஒருவர் இறப்புச் சான்று, வாரிசு விவரம், மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மை ஆகியவற்றோடு அதே கோரிக்கையை வைக்கலாம். கணவரின் பெயரிலிருந்த கோரிக்கையை மனைவி தொடரும்போது ரத்து செய்த காசோலை அவருடைய கணக்குக்கானதாக இருக்கவேண்டும் என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள்.

தமிழ்நாடு அரசின் ஓய்வூதியர்களுக்கு வழி வேறு. அவர்கள் மாதச் சந்தா செலுத்தும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறார்கள். 2022 ஜூலை 1 அன்று தொடங்கிய சுற்றில் பொதுவான வரம்பு நான்காண்டுக்கு 5 லட்சம் ரூபாய். பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் செலவழித்தவரின் கோரிக்கை கருவூலத்தின் வழியாகப் போய், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் முன் வரும். சென்னை உயர் நீதிமன்றமும் அதன் மதுரைக் கிளையும் பல வழக்குகளில், பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்பதை மட்டுமே காரணமாக்கி மறுத்த உத்தரவுகளை ரத்து செய்து, மீண்டும் பரிசீலிக்கச் சொல்லியிருக்கின்றன. பெறுநரும் படிவமும் மாறினாலும் டிஸ்சார்ஜ் சம்மரி, அவசர சிகிச்சைச் சான்று, விரிவான பில், ரசீதுகள் ஆகிய நான்கும் அங்கேயும் மாறுவதில்லை.